சம்பள உயர்வு கேக்கப் போறீங்களா? ஒரு தாள், ஒரு வரி போதும்

[திரையில்: கையால எழுதின ஒரு ஏ4 தாள். நாலு வரி மட்டும்.]

வணக்கம்ங்க. இந்தத் தாளைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் போன வருஷம் பிப்ரவரி மாசம் எங்க மேனேஜர் ரூமுக்குள்ள போனேன். இதுல என்ன எழுதியிருக்கேன், ஏன் எழுதினேன், உள்ள போய் என்ன சொன்னேன்னு சொல்றேன். நீங்களும் கேக்கணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுட்டே இருந்தா, கூடவே ஒரு பேனாவை எடுத்துக்கோங்க.

நான் கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கறேன். ஆஃபீஸ், ஷெட் எல்லாம் சேர்த்து அறுபது பேர் இருப்போம். அப்ப என் மாசச் சம்பளம் 19,500.

அதுக்கு முன்னாடி ஒருதடவை கேட்டிருக்கேன். டீ வர்ற நேரம், மேனேஜர் கையில டம்ளரோட நின்னுட்டிருந்தார். பக்கத்துல போய், "சார், வீட்டு வாடகை ஆயிரம் ரூபா ஏத்திட்டாங்க, பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் வேற, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க சார்"னு சொன்னேன். "பார்க்கலாம்மா"ன்னார். ஏப்ரல்ல ஐநூறு ரூபா ஏறுச்சு. எல்லாருக்கும் ஏறின அதே ஐநூறு.

ரொம்ப நாள் எனக்கு அவர் மேல வருத்தம். அப்புறம்தான் புரிஞ்சுது. சம்பளத்தை முடிவு பண்றது அவர் இல்லை, மேல முதலாளி. மேனேஜர் மாடிப்படி ஏறிப் போய் அங்க என்ன சொல்லுவார்? "அந்தப் பொண்ணுக்கு வாடகை ஏறிடுச்சாம்"னா? "யாருக்குத்தான் ஏறலை"ன்னு முதலாளி கேட்டா, அதுக்கு மேல பேச அவர்கிட்ட ஒண்ணும் இருக்காது. வாடகை ஏறினது நிஜம், அதைச் சொன்னதுல தப்பும் இல்லை. ஆனா அந்தக் காரணம் மாடிப்படி ஏறாது. "கொஞ்சம்"ங்கற வார்த்தையும் அப்படித்தான். எவ்வளவு கொஞ்சம்னு நான் சொல்லலை, அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.

அதனால ரெண்டாவது தடவை ஒண்ணே ஒண்ணை மட்டும் யோசிச்சேன். மேனேஜர் மேல போய் அப்படியே சொல்ற மாதிரி நான் அவருக்கு என்ன கொடுக்கலாம்?

[திரையில்: தாளின் முதல் வரி – "வேலைக்குச் சேர்ந்தப்ப: பில்லிங், பேங்க். இப்ப: பில்லிங், பேங்க், ஜிஎஸ்டி முழுசும்."]

முதல் வரி, என் வேலை எப்படி மாறியிருக்குன்னு. நல்லா உழைக்கிறேன், லீவு போடறதில்லைன்னு எல்லாம் எழுதலை. அது எல்லாரும் சொல்றதுதான். சேர்ந்தப்ப என்ன வேலை கொடுத்தாங்க, இப்ப என்ன பண்றேன், அவ்வளவுதான்.

இதை எழுதறதுக்கு எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. பண்ணின வேலை நமக்கே மறந்து போயிடுதுங்க. பழைய மெயில், வாட்ஸ்அப், டைரி எல்லாம் புரட்டிப் பார்த்து, ஒவ்வொண்ணையும் தேதியோட குறிச்சேன். நீங்க இன்னிக்கே கேக்கப் போறது இல்லைன்னாலும் இதை மட்டும் ஆரம்பிச்சிடுங்க. வெள்ளிக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வரி எழுதினாப் போதும்.

[திரையில்: இரண்டாவது வரி – "வெளியில் கொடுத்தது மாதம் 6,000. இப்ப 0." மூன்றாவது வரி – "மீட்ட இன்புட் கிரெடிட்: 1,86,000."]

அடுத்த ரெண்டு வரியும் பணம். முன்னாடி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வெளியில ஒரு ஆடிட்டர் ஆஃபீஸுக்கு மாசம் 6,000 கொடுத்துட்டிருந்தாங்க. இப்ப நானே போடறேன், அந்தச் செலவு நின்னுடுச்சு.

மூணாவது வரியைக் கொஞ்சம் விளக்கிச் சொல்றேன். நாங்க சரக்கு வாங்கறப்பக் கட்டின ஜிஎஸ்டியை, நாங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சுக்கலாம், அதுதான் இன்புட் கிரெடிட். சப்ளையருங்க ஏத்தின பில்லெல்லாம் இருக்கற 2பி-ங்கற லிஸ்ட் மாசம் 14-ம் தேதி வரும், 20-ம் தேதிக்குள்ள 3பி-ங்கற ரிட்டர்ன் போடணும். நடுவுல ஆறு நாள். அந்த ஆறு நாள்ல எங்க பர்ச்சேஸ் பில் ஒவ்வொண்ணையும் 2பி-யோட ஒத்துப் பார்ப்பேன். காஸ்டிங் கொடுக்கறவர் ஒருத்தர், காப்பர் வயர் கொடுக்கறவர் ஒருத்தர், ரெண்டு பேரும் பில்லை ஏத்தவே மறந்துடுவாங்க. அவங்க ஏத்தலைன்னா அந்த ஜிஎஸ்டியை எங்களால கழிச்சுக்க முடியாது, கம்பெனி கைக்காசுதான் போகும். "அண்ணா, உங்க பில்லு ரெண்டு இன்னும் எங்க 2பி-ல வரலைங்க"ன்னு நான் போன் பண்ணிப் பண்ணி, ஒரு வருஷத்துல சேர்ந்தது 1,86,000 ரூபா. இது எனக்கே இந்தத் தாளை எழுதினப்பத்தான் தெரியும். அதுவரைக்கும் நான் கூட்டிப் பார்த்ததே இல்லை.

உங்க வேலையில இப்படிப் பணக் கணக்கு இல்லாம இருக்கலாம். பரவாயில்லை. டிஸ்பாட்ச்ல இருக்கறவங்க, எத்தனை லோடு திரும்பி வந்துட்டிருந்தது, இப்ப எத்தனைன்னு எழுதுங்க. புதுசா வந்த எத்தனை பேருக்கு நீங்க வேலை கத்துக் கொடுத்தீங்கன்னு எழுதலாம். எண்ணிக் காட்ட முடியற ஏதாவது ஒண்ணு எல்லா வேலையிலயும் இருக்கு.

[திரையில்: நான்காவது வரி – "19,500 → 24,000, ஏப்ரல் முதல்."]

கடைசி வரி, நான் கேக்கற தொகை. இதை எங்க இருந்து எடுத்தேன்னா, வேலை விளம்பரங்கள்ல இதே வேலைக்கு என்ன போட்டிருக்காங்கன்னு பார்த்தேன். கணபதி பக்கம், அவினாசி ரோடு பக்கம் வேலை பார்க்கற மூணு பேர்கிட்ட, "உங்க ஆஃபீஸ்ல பில்லிங்கும் ஜிஎஸ்டியும் சேர்த்துப் பார்க்கற ஆளுக்கு என்ன தர்றாங்க"ன்னு கேட்டேன். உங்களுக்கு எவ்வளவுன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, இப்படிக் கேட்டாச் சொல்லிடுவாங்க.

இங்க ஒரு விஷயத்தை நல்லாக் கவனிச்சுக்கோங்க. இதைப் பத்தி யாரும் பேசறதே இல்லை. என்னை மாதிரி 20,000 பக்கத்துல வாங்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். மாசச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினா ஈஎஸ்ஐ-ல இருந்து வெளியே வந்துடுவோம். 19,500-ல ஈஎஸ்ஐ-க்குன்னு பிடிச்சது மாசம் 147 ரூபாதான். ஆனா எங்கம்மா அந்த ஈஎஸ்ஐ கார்டை வெச்சுத்தான் சுகர் மாத்திரை வாங்கிட்டிருந்தாங்க, ஒருதடவை சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில பத்து நாள் சேர்த்தும் பார்த்திருக்கோம். அதெல்லாம் போனா, ஏறின சம்பளம் மருந்துக்கே போயிடும். அதனால சம்பளத்தோட சேர்த்து மெடிக்கல் இன்ஷூரன்ஸும் கேக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். அதைப் பேச்சு நடக்கறப்ப யோசிச்சா வராது.

கையில எவ்வளவு வரும்னும் போட்டுப் பாருங்க. எனக்கு பேசிக் 12,000, அதுல 12 சதவீதம் பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ 147, போக கையில 17,913. பேசிக் 15,000 ஆகி மொத்தம் 24,000 ஆனா, பிஎஃப் 1,800 போக 22,200. தொழில் வரி அரை வருஷத்துக்கு ஒருதடவை, அது தனி.

இனி நேரம். ஏப்ரல் சம்பளத்தைப் பத்தி ஏப்ரல்ல கேட்டா, கணக்கெல்லாம் முடிஞ்சிருக்கும். பிப்ரவரியிலயே கேளுங்க. டீ குடிக்கற இடத்துல வேண்டாம். நான் அனுப்பின மெசேஜ் இதுதான்:

[திரையில்: "சார், என் வேலை, சம்பளம் பத்தி ஒரு பதினஞ்சு நிமிஷம் உங்ககிட்ட பேசணும்ங்க. இந்த வாரம் எந்த நேரம் உங்களுக்குச் சௌகரியம்?"]

விஷயத்தை மறைக்காதீங்க. என்ன பேசப் போறோம்னு அவருக்கும் தெரிஞ்சாத்தான் அவரும் யோசிச்சுட்டு வருவார்.

உள்ள போய் நான் சொன்ன வரி இது. மெதுவாச் சொல்றேன், கேளுங்க.

[திரையில், பெரிய எழுத்தில்: "சார், ஒரு வருஷமா ஜிஎஸ்டி வேலை முழுசையும் நானே பார்த்துட்டிருக்கேன், அதுக்கு ஏத்த மாதிரி ஏப்ரல்ல இருந்து என் சம்பளத்தை 24,000 ஆக்கித் தரணும்னு கேக்கறேங்க."]

அவ்வளவுதான். சொல்லிட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தி வெச்சேன், வாயை மூடிக்கிட்டேன்.

இந்த இடம்தான் கஷ்டம். அவர் தாளைப் பார்க்கறார், ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. நமக்கு உடனே "இல்ல சார், உங்களுக்கு முடிஞ்சதைப் பண்ணுங்க"ன்னு வாய் வரைக்கும் வந்துடும். அதைச் சொல்லிட்டா 24,000-ங்கறது அங்கேயே போச்சு. அவர் பேசற வரைக்கும் இருங்க. இதுக்காகவே நான் வீட்டுல, என் வீட்டுக்காரரை எதிர்ல உக்கார வெச்சு, அந்த ஒரு வரியைச் சொல்லிட்டு இருபது வரைக்கும் மனசுக்குள்ள எண்ணிப் பழகினேன். முதல் ரெண்டு தடவை குரல் நடுங்குச்சு.

அவர் கேட்டது, "உனக்கு ஏத்தினா மத்தவங்களும் கேப்பாங்களேம்மா." நான் சொன்னது, "மத்தவங்களைப் பத்தி நான் சொல்லலைங்க சார். என் வேலை மாறியிருக்கு, அதுக்குத்தான் கேக்கறேன்."

"தீபாவளி போனஸ்ல பார்த்துக்கலாம்"னு உங்ககிட்ட சொல்லலாம். போனஸ் ஒருதடவை வந்து போயிடும், சம்பளம் மாசாமாசம் வரும். "போனஸ் அப்பப் பேசிக்கலாங்க சார், இது மாசச் சம்பளத்துக்கு"ன்னு மரியாதையாவே சொல்லுங்க. "இப்ப ஆர்டர் குறைவு, முடியாது"ன்னா, அது நிஜமாவும் இருக்கலாம். "புரியுதுங்க சார். எந்த மாசம் திரும்பப் பேசலாம், அதுக்குள்ள நான் எதை முடிச்சிருக்கணும்?"னு கேட்டு, ஒரு மாசத்தோட பேரை வாங்கிட்டு வெளியே வாங்க. வேற இடத்துல கூப்பிடறாங்கன்னு மட்டும் இல்லாததைச் சொல்லாதீங்க. "சரி, போய்க்கோ"ன்னுட்டா என்ன பண்ணுவீங்க?

அன்னிக்குச் சாயங்காலமே பேசினதை மெசேஜா அனுப்பிட்டேன்: "இன்னைக்கு நேரம் கொடுத்ததுக்கு நன்றிங்க சார். 24,000 பத்தியும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பத்தியும் முதலாளிகிட்ட பேசிட்டு மார்ச் 10-க்குள்ள சொல்றேன்னு சொன்னீங்க." மார்ச் 10 தாண்டி ரெண்டு நாள் ஆச்சு. ஒருதடவை ஞாபகப்படுத்தினேன்.

[திரையில்: சம்பளச் சீட்டு. பெயரும் கம்பெனி பெயரும் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

இது ஏப்ரல் மாசச் சம்பளச் சீட்டு. கேட்டது 24,000, கிடைச்சது 23,000. பிஎஃப் போக கையில 21,200. முன்னைக்கு இப்ப 3,287 ரூபா அதிகம். இன்ஷூரன்ஸ் எனக்கு மட்டும்தான் போட்டாங்க. ஆனா மார்ச் வரைக்கும் ஈஎஸ்ஐ கட்டியிருந்ததால டிசம்பர் வரைக்கும் அந்த கார்டுலயே வைத்தியம் பார்த்துக்கலாம். அதுக்குள்ள அம்மாவையும் பாலிசியில சேர்க்கணும்னு கேட்டேன். ஜூன்ல சேர்த்துட்டாங்க, பிரீமியத்துல பாதி நான் கட்டறேன்.

மேனேஜர் என்னோட தாளை அப்படியே மேல எடுத்துட்டுப் போயிருக்கார். முதலாளி 1,86,000-ஐச் சுத்தி ஒரு வட்டம் போட்டிருக்கார், பாருங்க, சிவப்பு மையில.