மீதமுள்ள 27 மாணவர்களின் நேர்காணல், ரிசல்ட் அறிவிப்பு தொடர்பாக

வணக்கம் மேடம்,

நேற்று (செப்டம்பர் 18) எங்கள் கோவில்பட்டி கல்லூரிக்கு உங்கள் டீம் வந்து போனதற்கு நன்றி. 186 பேர் ஆப்டிட்யூட் எழுதி 71 பேர் தேறியதில், 44 பேருக்கு நேர்காணல் முடிந்துவிட்டது. மீதி 27 பேரிடம் இரவு 7.40-க்கு "அப்புறம் சொல்கிறோம்" என்று சொல்லி அனுப்பினீர்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கல்லூரி பஸ் 4.50-க்கே கிளம்பிவிடும். சங்கரன்கோவில் பக்கமிருந்து வரும் ஈஈஈ மாணவி ஒருத்தி மதியம் 2 மணியிலிருந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு செமினார் ஹால் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள், டோக்கன் 46, தண்ணீர் குடிக்கப் போனால்கூட பேரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அவள் அப்பா பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனார். இன்னொரு முறை இப்படிக் காக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் திங்கள்கிழமை (22-ஆம் தேதி) காலை 9.30-க்கு வைத்துக்கொள்ளலாமா? நேற்று மாதிரியே மூன்று பேனல், ஆளுக்கு 20 நிமிடம் என்றால் ஒரு பேனலுக்கு 9 பேர், 12.30-க்கு முடிந்துவிடும். நேரில் வர முடியாவிட்டால் ஆன்லைனிலும் சரிதான், லேபில் மூன்று சிஸ்டமும் ஹெட்செட்டும் தயாராக இருக்கும். யாருக்கு எந்த நேரம் என்று பிரித்த எக்செல் ஷீட்டை இணைத்திருக்கிறேன். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு 10.30-க்கு மேல்தான் போட்டிருக்கிறேன், அதை மட்டும் மாற்ற வேண்டாம்.

ரிசல்ட் 23-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் வேண்டும் மேடம். 25-ஆம் தேதி இன்னொரு கம்பெனி வருகிறது. எங்கள் விதிப்படி ஒரு ஆஃபர் வாங்கியவர் அடுத்த டிரைவில் உட்கார முடியாது, ரிசல்ட் தெரியாமல் யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது என்று நான் முடிவு செய்ய முடியாது. தவறாக நிறுத்திவிட்டால் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாய்ப்பும் போய்விடும்.

பட்டியலை 71 பேருக்கும் சேர்த்து ஒரே மெயிலாக எனக்கு அனுப்பிவிடுங்கள். தேர்வானவர்களுக்கு மட்டும் நேரடியாக போன் போட வேண்டாம். போன வருடம் ஒரு கம்பெனி அப்படிச் செய்ததில், ஹாஸ்டலில் ஒரே அறையில் ஒருவனுக்கு மட்டும் போன் வந்து, மற்ற மூன்று பேரும் நாலு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வாகவில்லை என்றால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன். வெயிட்டிங் லிஸ்ட் இருந்தால் எத்தனை பேர், எந்தத் தேதி வரை என்றும் வேண்டும். ஆஃபர் லெட்டர் பிறகு வந்தாலும் பரவாயில்லை, சம்பளமும் பாண்ட் விவரமும் முன்பேச்சில் சொன்னபடியேதான் என்று இந்த மெயிலிலேயே ஒரு வரி இருந்தால் பெற்றோருக்குப் பதில் சொல்ல உதவும்.

திங்கள் நேரம் சரியா என்று நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு நாளைக்கே தகவல் போக வேண்டும்.

இப்படிக்கு,
பிளேஸ்மென்ட் ஒருங்கிணைப்பாளர்