அட்வான்ஸில் சுவர் சேதத்துக்காகப் பிடித்த ரூ. 32,000 பற்றி

18.09.2025
சென்னை

அனுப்புநர்:
ச. முருகவேல்,
(குரோம்பேட்டை வீட்டின் முதல் மாடியில் 31.08.2025 வரை குடியிருந்தவர்)

பெறுநர்:
வீட்டு உரிமையாளர் அவர்கள்,
தரைத்தளம், அதே வீடு, குரோம்பேட்டை.

பொருள்: முன்பணம் ரூ. 1,00,000-இல் சுவர் சேதம் என்று கழித்த ரூ. 32,000-ஐ ஏற்க இயலாமை, ரூ. 30,000 திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. போன வியாழக்கிழமை அப்படித்தான் ஆனது, அதற்கு என் பங்குக்கு வருந்துகிறேன். கணக்கைக் கணக்காகவே பேசிவிடலாம் என்றுதான் எழுத்தில் தருகிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு மாலை சாவியை உங்கள் கையில் கொடுத்தேன். அன்று வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கிறேன், மீதி அனுப்பிடுறேன்" என்றீர்கள். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது, அந்த ரூ. 14,500 பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. செப்டம்பர் 9 அன்று வாட்ஸ்அப்பில் வந்த கணக்கில்தான் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "சுவர் சேதம், 640 சதுர அடி, பட்டி + பிரைமர் + பெயின்ட், சதுர அடிக்கு 50 வீதம் ரூ. 32,000." அது போக ரூ. 53,500 என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. கூடவே 11 போட்டோக்கள் அனுப்பியிருந்தீர்கள்.

சேதமே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிவி மாட்டினது நான், சுவரில் கிறுக்கினது என் மகள். ஆனால் 640 சதுர அடி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஹால் 14-க்கு 10. நான்கு சுவரும் சேர்த்து 48 அடி, உயரம் 10 அடி, ஆக 480. பெட்ரூமில் கட்டில் போட்டிருந்த சுவரும் அதற்கு எதிரே பாத்ரூமை ஒட்டிய சுவரும் தலா 8 அடி அகலம், இரண்டும் சேர்ந்து 160. கூட்டினால் சரியாக 640. அதாவது சேதமான இடத்தை யாரும் அளக்கவில்லை, சேதம் இருக்கிற சுவர்களை முழுசாக அளந்திருக்கிறார்கள். வாசல் கதவு, பால்கனிக் கதவு, ஜன்னல் இருக்கிற இடத்தைக்கூடக் கழிக்கவில்லை. கதவுக்கு யாராவது பட்டி பார்ப்பார்களா, ஐயா?

நீங்கள் அனுப்பிய அதே போட்டோக்களை வைத்தே நான் அளந்தேன். எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். வீடு முழுக்கத் தரையில் இருப்பது இரண்டு அடி டைல்ஸ். ஒரு டைல்ஸ் ஜாயின்ட்டிலிருந்து அடுத்த ஜாயின்ட் வரை 24 அங்குலம். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, சுவரோரம் உள்ள டைல்ஸ் எத்தனை பிக்சல் அகலம் என்று பார்த்தால், அந்தச் சுவரில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படத்தின் தெளிவு குறையும், நீள அகல விகிதம் மாறாது. உண்மையில் அந்த டைல்ஸ் 600 மில்லிமீட்டர், 24 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் முழு 24 என்றே வைத்துக்கொண்டேன். அதனால் சேதத்தின் அளவு கூடித்தான் வரும், குறையாது.

இந்த முறை சரிதானா என்று ஒரு தடவை சோதித்தேன். பெட்ரூம் கதவு நிலை 3 அடி. குடிவந்தபோது பீரோ உள்ளே போகுமா என்று டேப் வைத்து அளந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். உங்கள் 6-ஆம் போட்டோவில் அந்த நிலையும் விழுந்திருக்கிறது. டைல்ஸ் கணக்கில் அளந்தால் 36.6 அங்குலம் வருகிறது. 36-க்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம்.

இனி ஒவ்வொரு இடமாக வருகிறேன்.

டிவி இருந்த சுவர், போட்டோ 1. நேராக நின்று எடுத்த படம். ஒரு டைல்ஸ் 412 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 17. நான்கு டிரில் ஓட்டைகளையும் அவற்றைச் சுற்றிப் பெயின்ட் உரிந்த இடத்தையும் சேர்த்து ஒரே செவ்வகமாக எடுத்தால் 310-க்கு 240 பிக்சல். 18-க்கு 14 அங்குலம். 1.75 சதுர அடி. போட்டோ 2-உம் 3-உம் இதே ஓட்டைகள்தான், கிட்டே போய் எடுத்தவை. கீழே இடது பக்க ஓட்டைக்கு அடியில் பிறை மாதிரிப் பெயின்ட் பெயர்ந்திருக்கிறதே, அது மூன்று படத்திலும் இருக்கிறது. கிட்டே போய் எடுத்தால் ஸ்க்ரூ ஓட்டையும் கிணறு மாதிரித்தான் தெரியும்.

கிரேயான் கிறுக்கல், போட்டோ 4, 5. இரண்டு டைல்ஸ் நீளம், ஒன்றரை அடி உயரம். மகள் எட்டிய உயரம் அவ்வளவுதான். 6 சதுர அடி. நடுவில் ஒன்றுமே இல்லாத இடமும் இதில் அடங்கும், அதை நான் கழிக்கவில்லை.

கட்டில் உரசிய கோடு, போட்டோ 6. 5 அடி நீளம், 4 அங்குல அகலம். 1.67 சதுர அடி.

சின்ன ரூமில் ஸ்டிக்கர் எடுத்தபோது உரிந்த ஆறு இடங்கள், போட்டோ 7. ஒவ்வொன்றும் 3-க்கு 2 அங்குலத்துக்குள். மொத்தம் கால் சதுர அடி.

கூட்டினால் 9.67 சதுர அடி. ஒன்றிரண்டு படங்கள் சாய்வாக எடுத்தவை, டைல்ஸ் தரையில் இருக்கிறது, கறை மேலே இருக்கிறது, எனவே நூற்றுக்கு இருபது பிசகு இருக்கலாம் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்போதும் 12 சதுர அடிக்குள் அடங்கிவிடுகிறது. என்னால் வந்த சேதம் இவ்வளவுதான்.

போட்டோ 8, சமையலறையில் டைல்ஸுக்கு மேலே மங்கலாகத் தெரியும் எண்ணெய்ப் படலம், 6 சதுர அடி. மூன்று வருஷம் தாளித்த வீட்டில் அது இருக்கத்தான் செய்யும். இந்த மாதிரிப் புழக்கத் தேய்மானத்துக்குத்தானே பெயின்ட் பணம் பிடிக்கிறோம்.

போட்டோ 9, 10, 11 மூன்றும் பாத்ரூம் பக்கத்துச் சுவர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பார்த்தவுடன் பெரிய சேதமாகத் தெரிவது இதுதான். 7 அடிக்கு 2½ அடி, 17.5 சதுர அடி. பெயின்ட் கொப்புளமாக எழும்பி, உரிந்த இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது, தொட்டால் மாவாக உதிர்கிறது. இது ஓதம். உள்ளேயிருந்து தண்ணீர் சுவரில் ஊறி வெளியே வருகிறபோது கரைந்த உப்பையும் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காய்கிறது. வெளியிலிருந்து ஒருவர் சுரண்டியோ இடித்தோ இப்படி ஆக்க முடியாது. தரையை ஒட்டி அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருப்பதைப் படத்திலேயே பார்க்கலாம். 14.11.2023 அன்று இதே இடத்தைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் அனுப்பிய பிளம்பர் பார்த்துவிட்டு, சுவருக்குள் போகும் பைப் கசிகிறது, பாத்ரூம் டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். "பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்று நீங்கள் எழுதிய பதில் என் போனில் இன்னும் இருக்கிறது. அடுத்த மாதமே மிக்ஜாம் புயல், அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. அந்தப் புயல் வாரத்தில் எங்களுக்குக் குடிதண்ணீர் கொடுத்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பைப் கசிவுக்கு நான் பணம் கட்டுவது நியாயமில்லை. கசிவை நிறுத்தாமல் மேலே பட்டி பார்த்தால் அடுத்த மழைக்குள் அதுவும் உதிர்ந்துவிடும், அடுத்து வருகிறவர்களிடமும் இதே சண்டை வரும்.

ஒரு வாதத்துக்காக என்னுடையது, சமையலறை, ஓதம் எல்லாவற்றையும் சேர்த்து, இருபது சதவீதத்தையும் கூட்டினால்கூட 40 சதுர அடிதான் ஆகிறது.

"அங்கங்கே ஒட்டுப்போட்டால் கலர் தனியாகத் தெரியும், சுவர் முழுக்க அடித்துத்தான் ஆகணும்" என்று போனில் சொன்னீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுவர் முழுக்க அடிக்கத்தான் ரூ. 14,500 கொடுத்தாகிவிட்டதே. என் கணக்கில் மிஞ்சுவது அந்த 12 சதுர அடியில் ஓட்டை அடைத்துப் பட்டி பார்க்கிற வேலை மட்டும். உங்கள் ரேட்டிலேயே ரூ. 600. அந்த 600-க்காக யாரும் படியேறி வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஒருநாள் கூலி, சாமான் என்று ரூ. 2,000 வைத்துக்கொள்ளுங்கள், நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். மீதி ரூ. 30,000 எனக்கு வர வேண்டியது.

சட்டத்தைக் காட்டிப் பேசுவது எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. தமிழ்நாட்டில் நிலவுரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதை மட்டும் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வழக்கமான தேய்மானத்தைச் சேதம் என்று அந்தச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதையும், தேவைப்பட்டால் குழாய் மாற்றுவதையும் உரிமையாளர் பொறுப்பில்தான் அதன் அட்டவணை வைத்திருக்கிறது. அந்த ஒரு மாதம் செப்டம்பர் 30 அன்று முடிகிறது.

பெயின்டர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் இந்த ஞாயிறு, 21-ஆம் தேதி காலை 10 மணிக்கு டேப்போடு வருகிறேன். உங்கள் பெயின்டரும் இருக்கட்டும், சேர்ந்தே அளப்போம். என் 12 சதுர அடி தப்பாகி 15 வந்தால் 15 என்றே எழுதிக்கொள்ளலாம். அதுவரை அந்தச் சுவர்களில் சுரண்டவோ பட்டி பார்க்கவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அளப்பது தேவையில்லை என்று நினைத்தால் செப்டம்பர் 30-க்குள் ரூ. 30,000-ஐ முன்பு அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுவந்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் தரவும். வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ச. முருகவேல்

இணைப்பு: அளவுக் கோடுகள் போட்ட 11 போட்டோக்கள், 14.11.2023 வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், வாடகை ஒப்பந்தத்தின் நகல், 31.08.2025 மாலை சாவி கொடுக்கும் முன் நான் எடுத்த வீடியோ (பென் டிரைவில்).