கை மறக்கக் கூடாதவை: வார இறுதி முதலுதவிப் பயிலரங்கிலிருந்து

1/7
சனி, ஞாயிறு இரண்டு நாளும் தரையில் மண்டியிட்டுப் பழகிய அனைவருக்கும் வணக்கம். உங்கள் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும். பழகியது மட்டும் குறையாமல் இருக்க, முக்கியமானவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

2/7
ஒருவர் மயங்கி விழுந்தால்:
தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? மூச்சைக் கவனியுங்கள், பத்து நொடிக்கு மேல் வேண்டாம்.
விட்டுவிட்டுத் திணறி இழுப்பது மூச்சு அல்ல. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் அப்படி நடப்பதுண்டு. அதைப் பார்த்து, "மூச்சு இருக்கிறதே" என்று காத்திருந்துவிடாதீர்கள்.
இயல்பான மூச்சு இல்லையென்றால் உடனே ஆம்புலன்சை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

3/7
இடம்: நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதி.
ஆழம்: பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ.
வேகம்: நிமிடத்துக்கு 100 முதல் 120.
ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் மீண்டும் ரத்தம் நிரம்பும்.
மூச்சு ஊதப் பயிற்சி பெற்றவர்கள்: 30 அழுத்தம், 2 மூச்சு. தயக்கமாக இருந்தால் அழுத்தம் மட்டும் போதும், நிறுத்தாதீர்கள்.

4/7
எல்லாரும் கேட்ட கேள்வி: "விலா எலும்பு முறிந்துவிட்டால்?"
முறியலாம். எலும்பு கூடிவிடும், நின்ற இதயம் காத்திருக்காது. முதல் நாள் பலரும் பயிற்சிப் பொம்மையைத் தொட்டும் தொடாமலும்தான் அழுத்தினார்கள். மறுநாள் தோளின் எடை முழுவதும் கைக்கு இறங்கியதைப் பார்த்தோம். எங்களுக்கு இந்தப் பயிலரங்கின் பெரிய மகிழ்ச்சி அதுதான்.
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழமாக அழுத்தாது.

5/7
தீக்காயம்: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்.
மூக்கில் ரத்தம்: தலையை அண்ணாந்து பார்க்காமல், முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள்.
வலிப்பு: வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

6/7
தன்னார்வலர்களுக்கு நன்றி.
ஒவ்வொருவர் பயிற்சி முடிந்ததும் பொம்மைகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தவர்களுக்கு. ஒரே விளக்கத்தை ஒவ்வொரு குழுவுக்கும் முதல்முறை சொல்வதுபோலச் சொன்ன செவிலியர்களுக்கு. மண்டியிட முடியாத முதியவர்களுக்காகப் பொம்மையை மேசைமேல் தூக்கி வைத்துக் கற்றுக்கொடுத்த கல்லூரி மாணவிக்கு. அந்த யோசனை எங்கள் திட்டத்தில் இல்லவே இல்லை. பெற்றோர் நிம்மதியாகப் பயிலட்டும் என்று குழந்தைகளைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு. எல்லாரும் போன பிறகு கூடத்தைக் கூட்டிப் பூட்டியவர்களுக்கு.

7/7
சில மாதங்களிலேயே கை இதை மறக்கத் தொடங்கும். அதனால் மறுபயிற்சி நடத்தப்போகிறோம். வர விரும்புபவர்கள் "மறுபயிற்சி" என்று எங்களுக்குச் செய்தி அனுப்புங்கள். வீட்டில் இருக்கும் இன்னொருவரையும் அழைத்து வாருங்கள்: நீங்களே மயங்கி விழுந்தால் உங்கள் நெஞ்சை அழுத்த ஆள் வேண்டும்.