பேங்க்கில் இருப்பதெல்லாம் நம் பணமா? 2024-25 கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் கார் பார்க்கிங் வெக்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சீக்கிரமே முடித்துவிடுகிறேன். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட நம் அபார்ட்மென்ட் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நேற்றே இரண்டு பேர் போன் செய்தார்கள். "சார், போன வருஷம் 1,10,000 இருந்தது, இப்போது 1,89,000 இருக்கிறதே, அப்புறம் எதற்கு மெயின்டனன்ஸ் ஏற்றணும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மார்ச் 31 அன்று சேவிங்ஸ் கணக்கில் 1,89,000 இருந்தது உண்மை. ஆனால் அதில் 72,000 இரண்டு வீட்டுக்காரர்கள் அடுத்த வருஷத்துக்காக முன்கூட்டியே கட்டியது. அதை இப்போது செலவழித்தால் அடுத்த மார்ச் வரை அந்த இரண்டு வீட்டிலிருந்து ஒரு பைசா வராது. இன்னொரு 61,000, மார்ச் மாத வாட்ச்மேன் சம்பளமும் லாரித் தண்ணீர் பில்லும். ஏப்ரல் 5ஆம் தேதிதான் கொடுத்தோம். இரண்டையும் கழித்தால் மிச்சம் 56,000. நம் கட்டிடத்துக்கு ஒரு மாதச் செலவே சுமார் 93,000 ஆகிறது.

36 வீடு, மாதம் 3,000 என்றால் வருஷத்துக்கு 12,96,000 வர வேண்டும். வந்தது 12,42,000. பாக்கி 54,000, ஐந்து வீட்டில் நிற்கிறது. ஒரு வீட்டில் மட்டும் எட்டு மாதம். கதவு எண் சொல்ல மாட்டேன். அவர்களிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜிபேயில் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து வீட்டு எண் போடுங்கள். ஒரு 3,000 யாருடையது என்று தெரியாமல் இரண்டு வாரம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் குடியிருப்பவருடைய மச்சான் அனுப்பியது.

இனி செலவு. வாட்ச்மேன், ஹவுஸ்கீப்பிங், லிப்ட் ஏ.எம்.சி. எல்லாம் நாம் எதிர்பார்த்தபடிதான். இ.பி. 1,62,000. இடித்தது தண்ணீர். அதற்கு மட்டும் 2,46,000.

போன வருஷம் 109 லாரி வாங்கினோம். இந்த வருஷம் 164. லோடுக்கு 1,500 என்ற விலை மாறவில்லை. மே மாதம் போர் மோட்டார் காயில் எரிந்து போனது உங்களுக்கு நினைவிருக்கும். ரீவைண்டிங்குக்கு 18,500 ஆனது. அது திரும்பி வந்த பிறகும் போரில் தண்ணீர் இறங்கிப்போயிருந்தது. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள்ளேயே 118 லாரி. மழை ஆரம்பித்த பிறகுதான் மூச்சு விட்டோம். மடிப்பாக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லாரிக்காரர் கொடுத்த பில்களைக் கூட்டினால் 167 லோடு. நம் வாட்ச்மேன் நோட்டில் 164. வாட்ச்மேன் லாரி வந்த நேரம், வண்டி எண், சம்ப் மட்டம் எல்லாம் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டைக் காட்டியதும் லாரிக்காரர் ஒன்றும் பேசவில்லை, 4,500 குறைத்துக்கொண்டார். அந்த நோட்டை எழுதச் சொன்னபோது "இது எதுக்கு சார்?" என்று சிலர் சிரித்தீர்கள். சரி, விடுங்கள்.

அடுத்து மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங், 1,50,000. இதற்கு கார்ப்பஸ் பணத்தை எடுத்திருக்கலாமே என்று கமிட்டியிலேயே ஒருவர் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். லிப்டுக்கு வயதாகிவிட்டது. அதை மாற்ற வேண்டிய நாளில் கேட்டவுடன் பெரிய தொகை கொடுக்க எல்லாராலும் முடியாது. அதற்குத்தான் அந்த 6,00,000 எஃப்.டி. அதில் வட்டி 42,000 சேர்ந்தது. பேங்க் டி.டி.எஸ். 4,200 பிடித்தது. அதை வருமான வரி ரிட்டர்னில் காட்டிக்கொள்கிறோம். நீங்கள் கொடுக்கும் மெயின்டனன்ஸ் வேறு, பேங்க் வட்டி வேறு. வட்டிக்கு வரிக் கணக்கு உண்டு.

ஜி.எஸ்.டி. பற்றி மூன்றாம் மாடி மேடம் கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு மாதம் 7,500 வரை விலக்கு இருக்கிறது. நாம் வாங்குவது 3,000தான். நம் மொத்த வரவும் வருஷம் 20 லட்சத்துக்குள் இருக்கிறது. அதனால் நமக்கு அது இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாதம் 300 ஏற்றினால் வருஷத்துக்கு 1,29,600 கூடுதலாகக் கிடைக்கும். லாரி செலவு இதே அளவில் இருந்தாலும் கையில் ஒரு மாதச் செலவுக்கான பணம் நிற்கும். என் கணக்கில் அதற்குக் குறைத்து ஏற்றினால் பிரயோஜனம் இல்லை. ஆனால் முடிவு உங்களுடையது.

பில் ஃபைல், பேங்க் ஸ்டேட்மென்ட், அந்தத் தண்ணீர் நோட்டு மூன்றும் இந்த மேஜையில் இருக்கின்றன. காபி வரும் வரை புரட்டிப் பாருங்கள். நோட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். சாயங்காலம் ஒரு லாரி வருகிறது.