7ஆம் மாதப் பரிசோதனை அட்டை: இவை வந்தால் காத்திருக்க வேண்டாம்

அம்மா, இந்த அட்டையை மாமியார், கணவர், பக்கத்து வீட்டு அக்கா எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போதும் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்த பரிசோதனை: வரும் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 9 மணி. கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் அதுவரை பொறுக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

ரத்தம் படுதல்
ஒரு சொட்டு பட்டாலும் வர வேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தால் வலியே இல்லாமல் ரத்தம் போகும். வைத்த துணியைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

தலைவலி, கண் மங்கல், முகவீக்கம்
கால் கொஞ்சம் வீங்குவது பலருக்கும் உண்டு. ஆனால் முகம் உப்பி, கைவளையல் இறுகி, விடாத தலைவலியோ, கண்ணில் பூச்சி பறப்பதோ, மேல்வயிற்று வலியோ இருந்தால் பிரஷர் ஏறியிருக்கலாம். 140/90-க்கு மேல் போனால் எங்களுக்கும் பயம்தான். உப்பைக் குறைத்து வீட்டில் பார்த்துக்கொள்ளும் விஷயம் இல்லை இது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். வலிப்பு வந்தால் பேய் என்று மந்திரிக்கப் போகாதீர்கள், கையில் சாவிக்கொத்து கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தை அசைவு குறைதல்
சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் சாய்ந்து படுத்து, அசைவை எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லை என்றால் கிளம்பி வாருங்கள். பிள்ளை தூங்குது என்று விடிய விடியக் காத்திருந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை.

பனிக்குடம் உடைதல்
நீர் கொட்டினாலும், மெல்லக் கசிந்தாலும் வலி வரட்டும் என்று இருக்க வேண்டாம். சுத்தமான துணி வைத்து உடனே வாருங்கள். நீர் பச்சையாகவோ நாற்றமாகவோ இருந்தால் இன்னும் அவசரம்.

மாதம் நிறையுமுன் வலி
விட்டு விட்டு வலி, இடுப்பு இழுத்தல். சூட்டு வலி என்று சீரகக் கஷாயம் வைத்து நேரம் போக்காதீர்கள்.

காய்ச்சல், மூச்சுத்திணறல், மஞ்சள் கண், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, உள்ளங்கை உள்ளங்காலில் தீராத அரிப்பு இவற்றுக்கும் வாருங்கள். ரத்தசோகை உள்ளவர்கள் நடந்தாலே மூச்சு வாங்கினால் சொல்லுங்கள். சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் டீ, காபியோடு போடாதீர்கள்.

கிளம்பும்போது
இந்த அட்டை, பிக்மி நம்பர், ஆதார், ரத்த வகைச் சீட்டு. 108-இல் ஊர்ப் பெயரோடு பக்கத்துக் கோயில், பஸ் நிறுத்தம் ஏதாவது ஒன்றையும் சொல்லுங்கள். இங்கே முடியாவிட்டால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். சந்தேகம் கேட்க மட்டும் 104. வரும்போது கணவர் வேலைக்குப் போயிருந்தால் அவர் திரும்பும்வரை நிற்காமல், வீட்டில் யார் இருக்கிறாரோ அவரோடு வாருங்கள்.