வித்யாவ பொண்ணு பாக்க வந்தப்போ பேசுனது

அண்ணா, போன்ல சொன்னா பாதிய விட்டுடுவேன், அதனால யாரு என்ன பேசுனாங்கன்னு டைப் பண்ணியே அனுப்புறேன், அண்ணிக்கும் படிச்சு காட்டு.

ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம் வந்துடும்னு மூணு மணிக்கெல்லாம் வந்துட்டாங்க. பையன், அப்பா, அம்மா, அத்தை, கூட நம்ம நடராஜன் மாமா. நம்ம பக்கம் அப்பா அம்மா, குமார் மாமா, நான்.

அப்பா வாசல்லயே நின்னு, "வாங்க வாங்க, வாங்கம்மா, வாங்க தம்பி. வீடு கண்டுபிடிக்க சிரமமா இல்லையே?"

"அதெல்லாம் இல்ல சார். தாராசுரம் கிட்டதான் கொஞ்சம் டிராபிக், முகூர்த்த நாள் போல, மண்டபம் பூரா வண்டியா நின்னுச்சு"ன்னாரு பையனோட அப்பா. கைய கழுவிட்டு வந்து உக்காந்ததும் நடராஜன் மாமா அறிமுகம் பண்ண ஆரம்பிச்சாரு, அவரே குறுக்க புகுந்து, "நானே சொல்லிடறேன் நடராஜன். சார், நாங்க திருவெறும்பூர். நான் பெல் பாய்லர் பிளான்ட்ல வெல்டிங் பிரிவுல இருந்தேன், ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. இவங்க வீட்லதான். இது என் அக்கா. பொண்ண மதுரையில குடுத்திருக்கோம், ஒரு பேரன். இவன் அருண், ரெண்டாவது, சோழிங்கநல்லூர்ல சாப்ட்வேர் கம்பெனியில இருக்கான்"னாரு.

"ரொம்ப சந்தோஷம். நான் ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனேன். பெரியவன் கத்தார்ல இருக்கான், லீவு கிடைக்கல, இல்லன்னா வந்திருப்பான், தப்பா நினைச்சுக்காதீங்க. இவ ரெண்டாவது பொண்ணு, உள்ளூர்லயே குடுத்திருக்கு. வித்யாதான் கடைக்குட்டி. சொந்த ஊரு திருவிடைமருதூர் பக்கம், ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு விட்டிருக்கேன்."

"குறுவை போடறீங்களா சார்?"

கேட்டாரா, போச்சு. ஜூன் 12ல மேட்டூர் தொறந்தாதான் குறுவைன்னு அப்பா ஆரம்பிச்சு கல்லணை, கடைமடை வரைக்கும் போயிட்டாரு, அம்மா ரெண்டு தடவ இருமினதுக்கு அப்புறம்தான் நிறுத்துனாரு. ஆனா அதுலயே ரெண்டு பேருக்கும் கூச்சம் விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்.

அப்புறம் வித்யா காபி கொண்டு வந்தா. கேசரி, பஜ்ஜி நான் குடுத்தேன். பையனோட அம்மா, "உக்காரும்மா, ஏன் நிக்கிற, இங்கயே வா"ன்னு பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாங்க. "தஞ்சாவூர் பேங்க்லதானே வேலை? தினமும் போய் வர்றதா?"

"ஆமாம்மா, பஸ்லதான். காலையில எட்டு மணிக்கு கிளம்பிடுவேன்."

"கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் சென்னைன்னா வேலைக்கு என்ன பண்றதா நினைச்சிருக்க?"

அப்பா வாயத் தொறந்தாரு, அப்புறம் "அவளே சொல்லட்டும்"னுட்டாரு. வித்யா பதறாம சொன்னா, "டிரான்ஸ்பர் கேட்டு எழுதிக் குடுக்கலாம்மா. காலியிடம் இருந்தா குடுப்பாங்க, உடனே கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது, கொஞ்ச மாசம் ஆகலாம். ஆனா வேலைய விடுற எண்ணம் இல்ல, பரீட்சை எழுதி கஷ்டப்பட்டு வாங்கினது."

"விடச் சொல்லலம்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்." முகம் ஒரு நொடி சுருங்குன மாதிரி எனக்கு பட்டுச்சு, என் பிரமையாவும் இருக்கலாம்.

அத்தை "பாடுவியாம்மா?"ன்னாங்க (இன்னும் இத கேக்குறாங்க பாரேன்!). இவ "பாட்டு கத்துக்கல அத்தை, கோலம் வேணா நல்லா போடுவேன், வாசல்ல நீங்க பாத்தது நான் போட்டதுதான்"னா, எல்லாரும் சிரிச்சிட்டாங்க.

குமார் மாமாதான் பையன்கிட்ட பேச்சு குடுத்தாரு. "தம்பி, வேலை ஷிப்டா, பகல்லயா?"

"மத்தியானம் ரெண்டுலேர்ந்து ராத்திரி பதினொன்னு வரைக்கும் சார். வாரத்துல ரெண்டு நாள் வீட்லேர்ந்தே பாக்கலாம்."

"வெளிநாடு அனுப்புறாங்களாமே இப்பல்லாம்?"

"போன வருஷம் கேட்டாங்க சார், நான் போகல. இனிமே கேட்டா வீட்ல கலந்துகிட்டுதான் சொல்லுவேன். இன்னொன்னும் சொல்லிடறேன் சார், மேடவாக்கத்துல பிளாட் வாங்கியிருக்கேன், லோன்தான், சம்பளத்துல மூணுல ஒரு பங்கு அதுக்கே போயிடும்." யாரும் கேக்காமலே சொன்னான்ணா, எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

அப்புறம் மாமா காபி டம்ளர கீழ வெச்சுட்டு பையனோட அப்பா பக்கம் திரும்புனாரு. "அண்ணே, ஒரு விஷயம், மனசுல வெச்சுக்கிட்டே இருக்குறதுக்கு நேர்லயே கேட்டுடலாம்னு பாக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. முன்னாடி ஒரு இடம் பேசி நின்னு போச்சுன்னு காதுல விழுந்துச்சு. ஊர்ல நாலு விதமா பேசுவாங்க, உங்க வாயால கேட்டுக்கிட்டா எங்களுக்கும் நிம்மதி."

ஹால்ல பேச்சே இல்ல. அந்தம்மா புடவைத் தலைப்ப இழுத்து விட்டுக்கிட்டாங்க. அம்மா மாமாவ ஒரு பார்வ பாத்தா பாரு!

பையனோட அப்பா நிதானமா, "கேட்டதுதான் நல்லது. ஆமா, போன வருஷம் ஒரு இடம் பேசினோம். பூ வைக்க நாள் கூட பாத்தாச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு மேல படிக்க வெளிநாடு போகணும்னு ஆசைப்பட்டுச்சு, இவனுக்கு எங்கள விட்டுட்டு அவ்ளோ தூரம் போக மனசில்ல, ரெண்டு குடும்பமும் உக்காந்து பேசி வேணாம்னு முடிவு பண்ணோம். தட்டு மாத்தல. அவங்க மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், நல்ல மனுஷங்க. நடராஜனுக்கும் அவங்கள தெரியும், நீங்க வேணா விசாரிச்சுக்கோங்க"ன்னாரு.

"அது போதும்ணே, இதுக்கு மேல என்ன விசாரிக்கிறது"ன்னு மாமா சொன்னாரு. (விசாரிப்பாரு, உனக்குத் தெரியாதா.)

பத்துல ஏழு பொருத்தம், ரஜ்ஜு தட்டலன்னு ரெண்டு பக்க ஜோசியரும் சொல்லியாச்சு, அதனால ஜாதகப் பேச்ச அப்பாவே வளத்தல. "உங்க எதிர்பார்ப்பு என்னன்னு சொல்லிட்டீங்கன்னா..."ன்னு மட்டும் இழுத்தாரு. அந்தம்மா, "எங்களுக்கு ஒன்னும் வேணாங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுதானே, மூத்தவளுக்கு எவ்ளோ..."ன்னு ஆரம்பிக்க, அவரு, "அதெல்லாம் வேணாம்மா. சார், கணக்கே பேச வேணாம். கூடி வந்தா கல்யாணச் செலவு ஆளுக்குப் பாதி"ன்னு முடிச்சிட்டாரு. அம்மா இத பத்தி உனக்கு தனியா போன் பண்ணுவா, நான் எதுவும் சொல்லலன்னு வெச்சுக்க.

நடராஜன் மாமாதான், "பசங்க ரெண்டு வார்த்தை பேசிக்கட்டுமே"ன்னாரு. மொட்டை மாடிக்கு போனாங்க. நான் காயப்போட்ட துணிய எடுக்குற சாக்குல படிகிட்ட நின்னேன்.

"உங்கள யாரும் கட்டாயப்படுத்தலையே? வேணாம்னு தோணினாலும் சொல்லிடுங்க, நான் வீட்ல என் பேர்ல சொல்லிக்கிறேன்."

"அப்படி எதுவும் இல்லங்க. நீங்க குடிப்பீங்களா?"

"காலேஜ்ல குடிச்சிருக்கேன். இப்ப இல்ல."

"சரி. நான் மாசாமாசம் அப்பா அம்மாவுக்கு கொஞ்சம் பணம் குடுக்குறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் குடுப்பேன்."

"குடுங்க, நானும்தான் குடுக்குறேன். அத எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?"

"கேக்கலங்க, சொல்றேன்."

சிரிச்சான். அதுக்கு மேல துணி எதுவும் பாக்கி இல்ல, இறங்கி வந்துட்டேன்.

நாலேகாலுக்கு எழுந்துட்டாங்க. அம்மா ரெண்டு பேருக்கும் குங்குமம் குடுத்து வெத்தல பாக்கு, ரவிக்கைத் துணி வெச்சுக் குடுத்தா. பையனோட அப்பா, "போயிட்டு வர்றோம் சார். வீட்ல கலந்து பேசிட்டு வியாழக்கிழமைக்குள்ள நடராஜன்கிட்ட சொல்லி விடறோம். எது எப்படின்னாலும் சொல்லிடுவோம், காக்க வைக்க மாட்டோம். உங்களுக்கும் யோசிக்கணும்னா தாராளமா யோசிங்க"ன்னாரு.

"நல்லதுங்க, பெரியவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குறோம்"னாரு அப்பா.

வித்யாவ கேட்டேன், "பரவால்ல"ங்குறா, அவ அப்படி சொன்னா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும். அங்க சரின்னு வந்தா வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அருண்கூட வீடியோ கால்ல பேசிடு. ஷிப்டு பத்தியும் அந்த மூணுல ஒரு பங்கு லோன் பத்தியும் நீயே கேளு, மாமாவ கேக்க விட வேணாம்.