அடைப் படத்துக்குக் கேப்ஷன்: பத்தில் ஒன்று

மைனி,

இன்ஸ்டாகிராமில் போட நீங்க அனுப்பின படங்களில் அண்ணன் தேன்பெட்டிச் சட்டத்தைத் தூக்கிப் பிடிச்சிருக்கிற படத்தையே எடுத்துக்கிட்டேன். பின்னால ரப்பர் மரம் வரிசையா தெரியுது, பெட்டி மேல கதம்பைப் புகை லேசா நிக்குது. அடையில ஈ இருக்கு, அண்ணன் கையில உறை இல்லை. இதைவிட நல்ல படம் வேண்டாம்.

முதலில் மனசுல வந்ததை எல்லாம் தடுக்காம எழுதினேன். நல்லது, கெட்டது எல்லாம் கீழே அப்படியே இருக்கு.

1. இயற்கையின் இனிய பரிசு, இனி உங்கள் இல்லத்தில்!
2. பூப்பூவாய்ப் பறந்து தேனீ சேர்த்த அமுதம்.
3. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுத்தேன், கலப்படமில்லாமல் உங்கள் கைக்கு.
4. அண்ணன் கையில் அடை. அடையில் தேன். தேனில் எங்க தோட்டம்.
5. ரப்பர் தேனாக்கும். துளிர்ல ஈ எடுத்தது, அடை மூடினதும் நாங்க எடுத்தோம்.
6. பிள்ளைக்கும் பாட்டிக்கும் தினம் ஒரு ஸ்பூன், சளி பக்கத்துல வராது.
7. இன்னைக்குக் காலையில எடுத்தது, இன்னைக்கே பாட்டில்ல.
8. மார்கழியில் ரப்பர் இலை உதிரும். தை பிறந்ததும் செம்பு நிறத்தில் துளிர் வரும். அந்தத் துளிர் இலைக் காம்பின் நுனியில் இனிப்பு நீர் ஊறும். அதைத் தேடித்தான் எங்க ஈக்கள் காலையிலேயே கிளம்பும். மழைக்கு முன்னால் கிடைக்கிற இந்தத் தேனை நம்பித்தான் எங்க பெட்டிகள் வருஷம் முழுக்க நிக்குது.
9. தேன் உறைஞ்சா பயப்படாதீங்க. ரப்பர் தேன் உறையும்.
10. புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன், நேரடியாக வளர்ப்பவரிடமிருந்து.

முதலில் குரலைப் பார்த்தேன். ஒவ்வொண்ணையும் நீங்க சந்தையில நின்னு ஒரு ஆளுக்கிட்ட சொல்லுறதா நினைச்சு வாய்விட்டு வாசிச்சேன். ஒண்ணும் மூணும் அங்கேயே போச்சு. ‘இனிய பரிசு’ன்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்லை. எந்தக் கடை சோப்புக்கும் அந்த வரி பொருந்தும், அதுவே அதோட குறை. ரெண்டாவதும் உங்க பேச்சு இல்லை, ஆனா கேக்க அழகா இருந்ததால உடனே விட மனசு வரலை. பத்தாவது நோட்டீஸ் மாதிரி இருக்கு, அதையும் விஷயத்துக்காக வச்சேன். நாலாவது கவிதை மாதிரி வந்துட்டுது. எனக்குப் பிடிச்சதுதான், ஆனா படத்துல கண்ணால பார்க்கிறதையே திரும்பச் சொல்லுது, வாங்குற ஆளுக்குப் புதுசா ஒண்ணும் தரலை. எடுத்துட்டேன். அஞ்சாவதுல ‘ஆக்கும்’னு வாசிச்சப்போ உங்க குரலே காதில் விழுந்தது.

நீளத்துக்கு அதிக நேரம் ஆகலை. போனில் முதல் ஒண்ணு ரெண்டு வரிதான் தெரியும், மிச்சத்தை ‘மேலும்’ தொட்டால்தான் பார்க்கலாம். பஸ்ஸில உட்கார்ந்து விரலால தள்ளிக்கிட்டே போறவங்க அதைத் தொடமாட்டாங்க. எட்டாவதை அதனால விட்டேன். அதுல சொன்னது எல்லாம் உண்மை, பத்துல அதிகம் விஷயம் உள்ளதும் அதுதான். துளிர் படம் எடுத்து, தனியா ஒரு நாள் பெரிய பதிவாப் போடுவோம்.

உண்மையில்தான் அதிகம் நின்னேன். ஆறாவது முதலில் போகணும். தேன் இருமலுக்கு இதமா இருக்கும், சளியே வராதுன்னு நாம சொல்லக்கூடாது. அதைவிட முக்கியம், ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, டாக்டர்மார் கண்டிப்பா சொல்லுற விஷயம். ‘பிள்ளைக்கும்’னு நாம எழுதினதைப் பார்த்து யாராவது கைக்குழந்தை நாக்குல தடவினா அந்தப் பொறுப்பு நம்மளுக்கு. ஏழாவதும் வேண்டாம், படம் போன வாரம் எடுத்தது. பத்தாவதுல மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது சரி. ஆனா அந்தப் பெயரை வியாபாரத்துக்குப் போட்டுக்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா நாம பதிவு செஞ்சிருக்கணும். நாம இன்னும் செய்யலை. செஞ்ச பிறகு பெருமையா போடலாம், அதுவரைக்கும் தொடக்கூடாது.

ரெண்டாவதை விட மனசில்லாம இருந்தேன்னு சொன்னேனே, அது விழுந்தது இங்கேதான். நம்ம தேன் பூவுல வந்ததே இல்லை. ரப்பர்ல ஒரு காம்புல மூணு இலை சேருற இடத்துல சின்னச் சுரப்பிகள் இருக்கு, துளிர் காலத்துல அதுலதான் இனிப்பு ஊறுது. ஈ நக்குறது அதைத்தான். படத்துல ரப்பர் மரத்தை வச்சுக்கிட்டுப் ‘பூப்பூவாய்’னு எழுதினா, விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் போதும் சிரிக்க. தெரியாத ஆளுக்கு நாம தப்பைச் சொல்லிக் கொடுத்ததா ஆகும். ரப்பர் தேன்னு சொல்லச் சில பேர் தயங்குறாங்க, மட்டம்னு நினைச்சிருவாங்களோன்னு. எனக்கு அப்படித் தோணலை மைனி. நம்ம ஊர் தோட்டமே ரப்பர்தான், அதைச் சொல்லி விக்கிறதுதான் நம்ம பலம்.

ஒன்பதாவது உண்மை, சுருக்கம், உங்க பேச்சு. எல்லாத்துலயும் தேறுது. ஆனா இந்தப் படத்துக்கு உரியது இல்லை. பாட்டில்ல உறைஞ்சு நிக்கிற படத்தோட போடணும். வெந்நீர்ப் பாத்திரத்துல பாட்டிலை வச்சா இளகும், அடுப்புல நேரா வைக்க வேண்டாம்னு அதோட சேர்த்து எழுதலாம்.

அப்போ அஞ்சாவது. அதை உறுதி செய்யும் முன்னால படத்தை விரிச்சுப் பார்த்தேன். அடையோட மேல்பாகம் வெள்ளை மெழுகு போட்டு மூடியிருக்கு. கீழே ஓரத்துல உள்ள அறைகள் திறந்திருக்கு, உள்ளே தேன் மினுங்குறது தெரியுது. ‘அடை மூடினதும் நாங்க எடுத்தோம்’னு எழுதி இந்தப் படத்தைப் போட்டா, தேனீ வளர்க்கிற யாரும் ஒரு நொடியில பிடிச்சிருவாங்க. அண்ணன்கிட்ட கேட்டேன். அந்தச் சட்டத்தைப் பார்த்துட்டுத் திரும்பப் பெட்டியில வச்சிட்டாராம், மூடாத தேன்ல தண்ணி அதிகம், புளிச்சிரும்னு. அதனால ‘எடுத்தோம்’னு சொல்லவும் வழி இல்லை.

வரியை மாத்தினேன். ரெண்டாவதோட பூவையும் இதுலயே தீர்த்துவிட்டேன்:

ரப்பர் தேனாக்கும். பூவுல இல்ல, துளிர் இலைக் காம்புல ஈ எடுத்தது. இந்த அடை முழுசா மூடல, காத்திருக்கோம்.

போன்ல போட்டுப் பார்த்தேன், ‘மேலும்’ வராம முழுசா தெரியுது. படத்துல திறந்திருக்கிற அறைக்கும் பதில் ஆச்சு. விலையும் போன் நம்பரும் கேப்ஷன்ல வேண்டாம், கேக்கிறவங்களுக்குத் தனியா அனுப்புங்க. ‘எப்போ கிடைக்கும்’னு கேட்டா அண்ணன் சொல்லுற நாளைச் சொல்லுங்க, அதைவிட முந்தி ஒரு நாளைச் சொல்ல வேண்டாம். ‘காத்திருக்கோம்’ங்கிற இடத்துல வேற சொல் உங்களுக்குத் தோணினா மாத்திட்டுப் போடுங்க, மத்ததை அப்படியே விடுங்க.